யானை நின்றால் ஒரு போர், நகர்ந்தால் வேறு போர்

1995 டிசம்பர் 22. ஜப்பானியத் தொழில்முறை ஷோகி ஆட்டக்காரர்களின் தரவரிசைப் போட்டியில் ஃபுஜீ தகேஷியும் இனோவே கெய்தாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இந்த மட்டத்தில் ஓர் ஆட்டம் முடிய, இருவர் நகர்த்தல்களையும் சேர்த்தால் பெரும்பாலும் நூறைத் தாண்டும். அன்று 47-ஆம் நகர்த்தலோடு ஆட்டம் முடிந்துபோனது. வென்றவர் ஃபுஜீ. அவருடைய ராஜா முதலில் வைத்த கட்டத்தை விட்டுக் கடைசிவரை அசையவே இல்லை. ராஜாவைச் சும்மா நடுவில் உட்கார வைக்காதே என்பது ஷோகி கற்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடத்தை மீறி ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் எப்படி இவ்வளவு சீக்கிரம் ஜெயித்தார்? விடை தெரிய வேண்டுமானால் ஷோகியில் எல்லாரும் முதல் சில நகர்த்தல்களுக்குள் எடுத்தாக வேண்டிய ஒரு முடிவைப் புரிந்துகொள்ள வேண்டும். யானையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொள்வதா, பலகையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோவதா என்பதே அந்த முடிவு.

ஷோகி, நம் சதுரங்கத்தின் ஜப்பானிய உறவு. ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள். ஆளுக்கு இருபது காய்கள். ராஜாவின் இரு பக்கமும் வரிசையாக இரண்டு ‘தங்க’த் தளபதிகள், இரண்டு ‘வெள்ளி’த் தளபதிகள், இரண்டு குதிரைகள், ஓரங்களில் இரண்டு ஈட்டிகள். தங்கமும் வெள்ளியும் ஒரு கட்டம் மட்டுமே நகரும். கோட்டை கட்ட உதவுபவை இவைதான். முன்னால் ஒன்பது சிப்பாய்கள். தூரம் பாயக்கூடிய பெரிய காய்கள் இரண்டே இரண்டு: நேர்கோட்டில் ஓடும் யானை ஒன்று, மூலைவிட்டத்தில் ஓடும் மந்திரி ஒன்று. நம் சதுரங்கத்தைப் போல இரண்டு யானைகள் கிடையாது. அந்த ஒற்றை யானை எந்த நிரையில் நிற்கிறதோ, அங்கேதான் தாக்குதல் தொடங்கும்.

இன்னொரு விதி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வெட்டிய காய் செத்துப்போவதில்லை. வெட்டியவரின் கைக்கு வந்துவிடும். பிறகு தன் முறை வரும்போது, நகர்த்துவதற்குப் பதிலாக அதைத் தன் காயாகக் காலியான கட்டம் ஒன்றில் இறக்கலாம். ஆகவே சதுரங்கத்தில் யானைக்கு யானை வெட்டிக்கொண்டால் ஆட்டம் அமைதியாகும்; ஷோகியில் அதே பரிமாற்றம் நடந்தால் அடுத்த நொடியே இருவர் கையிலும் ஒரு யானை, எதிரியின் வீட்டுக்குள்ளேயே குதிக்கத் தயாராக இருக்கும். சமமான பரிமாற்றம் உண்மையில் சமமா என்பதை அந்த நேரத்தில் யாருடைய கோட்டை உறுதியாக இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. யானையைப் பற்றிய முடிவும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் போய் முடியும்.

கட்டங்களைச் சொல்ல ஷோகிக்காரர்கள் இரண்டு எண்களைப் பயன்படுத்துகிறார்கள். முதல் எண் நிரை. முதலில் ஆடுபவரின் வலது ஓரம் 1, இடது ஓரம் 9. இரண்டாவது எண் வரிசை. எதிரியின் ஓரத்திலிருந்து 1 என்று தொடங்கி நம் ஓரம் 9. முதலில் ஆடுபவரின் ராஜா 5-9-இல், அதாவது தன் ஓரத்தின் நடுவில் இருப்பார். யானை வலப்பக்கம் 2-8-இல். மந்திரி அதற்கு நேர் எதிரே இடப்பக்கம் 8-8-இல். எதிரியின் அமைப்பு இதையே தலைகீழாகத் திருப்பியது; அவர் யானை 8-2-இல், மந்திரி 2-2-இல்.

யானையை அதன் 2-ஆம் நிரையிலேயே வைத்து, அதன் முன்னுள்ள சிப்பாயைத் தள்ளித் தாக்குவது ஜப்பானியத்தில் இபிஷா. நாம் ‘நின்ற யானை’ என்று வைத்துக்கொள்வோம். யானையைக் கிடையாக நகர்த்தி நடுவுக்கோ இடப்பக்கத்துக்கோ கொண்டுபோவது ஃபுரிபிஷா, ‘நகர்ந்த யானை’. எட்டாத ஊர்களுக்கு எல்லாம் கொண்டுபோகலாம் என்றில்லை: 5, 6, 7, 8 ஆகிய நான்கு நிரைகளே வழக்கமான இடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனி ஆய்வுநூல்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் 6-ஆம் நிரைக்குப் போவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருப்பதிலேயே நிதானமானது, அதிகம் ஆடப்பட்டதும் அதுதான். ஃபுஜீயின் ஆட்டமும் அந்த வகை.

யானைக்கு ஒரு முடிவு எடுத்தால் ராஜாவுக்கும் முடிவு எடுத்ததாகிவிடும். ராஜாவும் யானையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று ஷோகியில் பழமொழியே உண்டு. யானை இருக்கும் இடம் போர்முனை; அங்கே விழும் அடி ராஜா மேலும் விழும். யானை வலப்பக்கம் நின்றால் ராஜா இடப்பக்கம் போவார். யானை இடப்பக்கம் போனால், அது காலி செய்துவிட்டுப்போன வலப்பக்கத்தில் ராஜா குடியேறுவார்.

இருவருமே யானையை நிற்க வைத்தால் என்ன ஆகும்? இருவர் ராஜாவும் எதிரியின் யானைக்கு நேர் முன்னே போய்க் குடியிருக்கும். அந்த ஆட்டங்கள் இரண்டு பக்கமும் எரியும். யாகுரா என்ற கோட்டையைப் பொறுமையாகக் கட்டுவது ஒரு வழி, தொடக்கத்திலேயே மந்திரிகளை வெட்டிக்கொண்டு ஆடுவது இன்னொரு வழி, கோட்டை எதுவும் இல்லாமலே யானைச் சிப்பாய்களைத் தள்ளி மோதுவது மூன்றாவது வழி. ஒவ்வொன்றும் ஒரு கடல், கொஞ்சம் பிசகினாலும் உடனே தோல்வி. அதற்குள் நாம் இறங்கப்போவதில்லை. ஒருவர் நிற்க, மற்றவர் நகரும் ஆட்டத்தில்தான் இரண்டு பக்கத் திட்டங்களும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

முதலில் ஆடுபவர் நகர்ந்த யானைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதல் வேலையாக 7-6-க்குச் சிப்பாயைத் தள்ளுவார். மந்திரிக்குப் பாதை திறக்கும். எதிரியும் 3-4-க்குத் தள்ளித் தன் மந்திரிக்குப் பாதை திறப்பார். இரண்டு மந்திரிகளும் இப்போது ஒரே கோட்டில் முறைத்துக்கொண்டிருக்கின்றன. உடனே நம்மவர் 6-6-க்கு ஒரு சிப்பாயைத் தள்ளி அந்தக் கோட்டை மூடிவிடுவார். திறந்த பாதையை இரண்டாவது முறையிலேயே மூடுவது விசித்திரமாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. யானை 2-8-ஐ விட்டு நகர்ந்ததும் அதன் முன்னிருந்த 2-7 கட்டத்துக்குக் காவல் இல்லாமல் போகிறது. அந்த நேரத்தில் எதிரி கையில் ஒரு மந்திரி இருந்தால், தூரத்திலிருந்து அந்த ஓட்டையைக் குறிவைத்து அதை இறக்க முடியும். வீடு மாறிக்கொண்டிருக்கும்போது மந்திரிப் பரிமாற்றம் வேண்டாம் என்பதற்காகவே கதவைச் சாத்துகிறார். நகர்ந்த யானைக்கு எதிராக மந்திரியை வெட்டிக்கொள் என்று பழைய ஆட்டக்காரர்கள் நின்ற யானைக்காரர்களுக்குச் சொல்லிவைத்ததும் இதனால்தான்.

பிறகு யானை 6-8-க்குப் போகும். எதிரி தன் யானையின் முன்னுள்ள சிப்பாயை 8-4, 8-5 என்று தள்ளிக்கொண்டு வருவார். 8-5 வந்தவுடன் நம்மவர் மந்திரியை 7-7-க்கு ஏற்றியாக வேண்டும். இதில் தாமதம் கூடாது. ஏற்றினால் 8-6 கட்டத்துக்குச் சிப்பாய், மந்திரி என இரண்டு காவல் கிடைக்கும்; ஏற்றாவிட்டால் எதிரி அங்கே சிப்பாயைக் கொடுத்து வாங்கி யானையை உள்ளே கொண்டுவந்துவிடுவார். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் தோற்கும் இடங்களில் இது ஒன்று. கோட்டை கட்டும் ஆசையில் 8-5-ஐக் கவனிக்காமல் ராஜாவை நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

இனிக் கோட்டை. ராஜா 4-8, 3-8, 2-8 என்று மூன்று எட்டு வைத்து யானை இருந்த வீட்டுக்குப் போகிறார். வலப்பக்க வெள்ளி 3-8-க்கு ஏறுகிறது. இடப்பக்கத் தங்கம் 5-8-க்கு வருகிறது. வலப்பக்கத் தங்கம் பிறந்த இடமான 4-9-இலேயே இருக்கிறது. ஐந்தே நகர்த்தல்கள். இதற்கு மினோ கோட்டை என்று பெயர். இதன் அழகு எங்கே என்றால், வெள்ளி 4-9 தங்கத்தைக் காக்கிறது, அந்தத் தங்கம் 5-8 தங்கத்தையும் வெள்ளியையும் காக்கிறது, ராஜாவும் வெள்ளிக்குத் துணை. பக்கவாட்டிலிருந்து வரும் யானை எந்தக் காயை வெட்டினாலும் பதிலுக்கு வெட்டப்படும். ஓரச் சிப்பாயை 1-6-க்கு ஒரு எட்டுத் தள்ளிவைத்தால் ராஜாவுக்குத் தப்பிக்க ஒரு சந்தும் கிடைக்கிறது. பலவீனம் மேலிருந்து மூலைவாட்டில் வரும் அடி. நடுப்பலகையில் இறங்கும் மந்திரியும், 3-6-இல் இறங்கும் குதிரையும் மினோவை உடைக்கும் வழக்கமான ஆயுதங்கள்.

எதிரே நின்ற யானைக்காரர் என்ன செய்கிறார்? பழைய வழி, வேகம். அவர் ராஜாவை 3-2 வரை மட்டும் நகர்த்தி, தங்கம் ஒன்றை நடுவுக்கு ஏற்றி, ‘படகு’ எனப்படும் மெல்லிய கோட்டையோடு நிறுத்திக்கொள்வார். மிச்சப்பட்ட நகர்த்தல்களைத் தாக்குதலில் போடுவார். அதில் மிகப் பழைய முறை, யானைப் பக்கத்து வெள்ளியை 7-2, 8-3, 8-4 என்று குச்சியைப் போல நேராக ஏற்றுவது. குறி, 7-7-இல் இருக்கும் மந்திரியின் தலை. மந்திரியால் நேரே முன்னால் ஒரு கட்டம்கூடப் போக முடியாது. அதன் தலைக்கு மேல் அடித்தால் அதற்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே எதிரி 7-5-க்குச் சிப்பாயைத் தள்ளி மோதுகிறார்.

இந்த இடத்தில் நகர்ந்த யானைக்காரர் அந்தச் சிப்பாயை வெட்டினால் தவறு. வெட்டினால் எதிரியின் வெள்ளி 7-5-க்கு வந்து உட்கார்ந்து மந்திரியை நெரிக்கும். சரியான பதில் யானையை மறுபடி ஒரு நிரை நகர்த்தி 7-8-க்கு, அடி விழும் நிரைக்கே, கொண்டுவருவது. இதற்காகவே அவர் முன்கூட்டி இடப்பக்க வெள்ளியை 7-8 வழியாக 6-7-க்கு ஏற்றிவைத்திருப்பார். எதிரி 7-6-இல் சிப்பாயை வெட்டுகிறார். 6-7 வெள்ளி திருப்பி வெட்டி 7-6-க்கு வருகிறது. இப்போது நிரையைப் பாருங்கள்: யானை, அதன் முன் மந்திரி, அதன் முன் வெள்ளி. எதிரி அடிக்க வந்த நிரையில் இவருடைய படைதான் கூடியிருக்கிறது.

அடுத்த துருப்பு 6-5. முதலில் மூடிய கதவை இப்போது இவரே திறக்கிறார். 6-6 சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறியதும் இரண்டு மந்திரிகளும் மறுபடி நேருக்கு நேர். எதிரி வந்து 7-7-இல் மந்திரியை வெட்டினால், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த 8-9 குதிரை திருப்பி வெட்டியபடி ஆட்டத்துக்குள் வரும். நகர்ந்த யானைக்காரருக்கு இடப்பக்கக் குதிரை வெளியே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இவர் போய் 2-2-இல் வெட்டினாலோ, எதிரி ராஜாவோ வெள்ளியோ அதைத் திருப்பி வெட்டத் தன் இடத்தை விட்டு நகர்ந்தாக வேண்டும். மெல்லிய கோட்டை மேலும் குலையும்.

இப்படிக் காய்களை அடுத்தடுத்துப் பரிமாறிக்கொண்டு தன் பெரிய காய்களை விடுவிப்பதுதான் நகர்ந்த யானைக்காரரின் முழுத் திட்டமும். அவருக்குக் காய் லாபம் தேவையில்லை. கணக்குச் சரிசமமாக இருந்தாலே போதும். சிப்பாய் ஒன்றிரண்டு குறைந்தாலும் பல நேரம் பரவாயில்லை. இருவரும் யானையைக் கையில் எடுத்து எதிரியின் முதல் வரிசையில் இறக்கியதும் ஓட்டப்பந்தயம் தொடங்கும். அதில் மினோவுக்குள் இருக்கும் ராஜாவைப் பிடிக்க ஆகும் நேரத்தைவிடப் படகில் இருக்கும் ராஜாவைப் பிடிக்க ஆகும் நேரம் குறைவு. அதற்கு மேல் 8-4-இல் ஏறிய அந்த வெள்ளி வேறு, போர் நடக்காத மூலையில் தனியாக நின்றுகொண்டிருக்கும். நின்ற யானைக்காரருக்குத் தாக்குதல் பிழைத்ததா, பிசகியதா என்று தெரிந்துகொள்ள அந்த வெள்ளியைப் பார்த்தாலே போதும். அது 7-5 வழியாக உள்ளே போய்விட்டால் அவர் முன்னிலையில் இருக்கிறார். 8-4-லேயே நின்றுவிட்டால், காய்களை எண்ணிச் சமம் என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஒரு வெள்ளி குறைவாக ஆடுகிறார் என்றே பொருள்.

இந்த நிதானத்தைத் தன் சொத்தாக ஆக்கிக்கொண்டவர் ஓயாமா யசுஹரு. போருக்குப் பிந்தைய ஷோகியை ஆண்டவர் என்றே சொல்லலாம். மொத்தம் 80 பட்டங்கள், அதில் மெய்ஜின் பட்டம் மட்டும் 18 முறை. தொடக்கத்தில் நின்ற யானை ஆடியவர், பிற்பாதியில் நகர்ந்த யானைக்கு மாறினார். எதிரி எங்கே அடிப்பார் என்று காத்திருந்து, அந்த இடத்தில் படையைக் கூட்டி, அவர் களைத்தபின் திருப்பி அடிப்பது அவர் பாணி. தாக்கிப் பார், என் வீடு உன் வீட்டைவிட உறுதி என்ற ஒரு வரிக் கணக்கு அவருக்கு நன்றாகவே பலித்தது.

அந்தக் கணக்கை உடைத்தது ‘வளைக்குள் கரடி’. ஜப்பானியத்தில் அனாகுமா. கோட்டையின் பெயர் அது. நின்ற யானைக்காரர்கள் ஒரு கட்டத்தில் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள்: வேகமாக அடிக்கப் போவதால்தானே வீடு மெல்லியதாகிறது? அடிக்கவே போகாமல், அவரைவிடப் பெரிய கோட்டையை முதலில் கட்டினால் என்ன? எதிர்த்தரப்பு காத்திருக்கும் ஆட்டம்தானே, நேரம் தருவார்கள். தனக்கா தொராஹிகோ போன்றவர்கள் 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் இந்த உத்தியைத் தொழில்முறை ஆட்டத்தில் ஊன்றினார்கள்.

அமைப்பு எளிது, ஆனால் நீளமானது. ஓர ஈட்டியை ஒரு கட்டம் ஏற்றி, அது காலி செய்த மூலைக் கட்டத்துக்குள் ராஜா நுழைகிறார். வாசலை வெள்ளியால் அடைக்கிறார். இரண்டு தங்கங்களையும் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டுகிறார். நம் எடுத்துக்காட்டில் எதிரி இதைச் செய்தால் ராஜா 4-2, 3-2, 2-2, 1-1 என்று நான்கு எட்டு; மந்திரி வழிவிட 3-3-க்கு ஏற ஒன்று; ஈட்டி, வெள்ளி, பக்கத்துத் தங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று; தூரத்துத் தங்கம் வந்து சேர மூன்று. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. மினோவைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் கட்டி முடித்தபின், சுவரை ஒவ்வொரு காயாக உரிக்காமல் அந்த ராஜாவுக்குப் பெரும்பாலும் ‘செக்’ சொல்லவே முடியாது. செக் வராத ராஜாவை வைத்திருப்பவர் எதிரியின் மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் தன் தாக்குதலை மட்டும் பார்க்கலாம். யானையைக் கொடுத்துத் தங்கத்தை வாங்குவதுகூட அவருக்குச் சில நேரம் லாபம்.

இதனால் பழைய திட்டம் தலைகீழானது. இப்போதும் பரிமாற்றங்கள் சமமாகவே நடக்கின்றன. ஆனால் பந்தயம் தொடங்கும்போது மினோவைவிட வளைக்கு ஆயுள் அதிகம். இதுவரை சமப் பரிமாற்றத்தை விரும்பிய நகர்ந்த யானைக்காரர் இப்போது அதற்குப் பயப்பட வேண்டிய நிலை. சிலர் தாங்களும் வளைக்குள் போனார்கள். சிலர் யானையை நிற்க வைக்கும் பக்கம் மாறினார்கள். அனாகுமாவின் குறை என்று சொன்னால், உள்ளே போனவர் வெளியே ஓட வழியில்லை என்பதும், கட்டி முடிக்கும்வரை பாதிக் காய்கள் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன என்பதும்தான்.

ஃபுஜீ தகேஷி கைவைத்தது அந்த இரண்டாவது குறையில். எதிரிக்குப் பதினொரு நகர்த்தல் வேண்டும். அத்தனை நகர்த்தலும் முடிந்தபின் உடைக்கப் பார்ப்பது வீண். முடிவதற்குள் அடித்தால்? அதற்கு நேரம் எங்கிருந்து கிடைக்கும்? ராஜாவின் மூன்று எட்டில் இருந்து. மினோவின் ஐந்து நகர்த்தல்களில் மூன்று ராஜாவுடையவை. ராஜா 5-9-லேயே இருந்துவிட்டால் அந்த மூன்றும் மிச்சம். அந்த மூன்றில் என்ன செய்யலாம் என்று பாருங்கள்: 3-6-க்குச் சிப்பாய், 3-7-க்குக் குதிரை, அங்கிருந்து 2-5-க்கு அதே குதிரை. 2-5-இல் வந்து நிற்கும் குதிரை 3-3-இல் உள்ள எதிரி மந்திரியை அடிக்கிறது. கரடி வளைக்குள் போக வழிவிட்டு ஏறி நின்ற அதே மந்திரி.

இன்னும் இருக்கிறது. நம்மவருடைய 7-7 மந்திரியின் கோட்டை நீட்டிப் பார்த்தால் 6-6, 5-5, 4-4, 3-3, 2-2 என்று போய் 1-1-இல் முடிகிறது. கரடியின் வளை இருப்பது அதே 1-1-இல். ஆகவே 6-5 என்று கதவைத் திறந்து, 4-6, 4-5 என்று நடுவில் தடுக்கும் சிப்பாயையும் மோதி உடைத்தால், மந்திரி நேராக வளையின் வாயைப் பார்க்கிறது. ஓரச் சிப்பாயை முன்கூட்டியே தள்ளிவைத்தால் ஈட்டியும் அந்த மூலையைக் குத்தும். ராஜா 2-8-இல் இருந்திருந்தால் இந்த வலப்பக்கத் தாக்குதலைச் செய்ய முடியாது. தன் வீட்டு மதிலைத் தானே பிய்த்து எறிந்ததாக ஆகியிருக்கும். 5-9-இல் இருப்பதால் போர் அவரை விட்டுத் தள்ளி நடக்கிறது. கற்பிக்கும் பாடத்தில் தவறு என்று இருந்தது இங்கே கணக்குப் போட்டு எடுத்த முடிவு. இனோவேயுடன் ஆடிய ஆட்டத்தில் 47 நகர்த்தலுக்குள் நடந்தது இதுதான். ‘ஃபுஜீ சிஸ்டம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1998-இல் அதன் பலத்தோடு வந்த ஃபுஜீ, தனிகாவா கோஜியை 4-0 என்று வென்று ரியூஓ பட்டத்தை எடுத்தார். 2001-இல் ஹபு யோஷிஹாருவிடம் இழக்கும்வரை அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. இன்று ஷோகி என்றதும் செய்திகளில் வரும் ஃபுஜீ சோத்தா வேறு ஆள்; 2002-இல் பிறந்தவர், அவரோ நின்ற யானைக்காரர்.

என் பார்வையில் இந்த முறையின் சிறப்பு அந்த மூர்க்கமான தாக்குதலில் இல்லை. எதிரி என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் சுதந்திரத்தில் இருக்கிறது. எதிரி வளைக்குப் போகிறார் என்றால் ராஜா அசையாமல் இருப்பார், படை பாயும். எதிரி அதைக் கண்டு பயந்து படகோடு நின்று வேகமாக அடிக்க வந்தால், ராஜா சாவகாசமாக 2-8-க்கு நடந்து பழைய மினோவுக்குள் போய்விடுவார்; பழைய கணக்கு மறுபடி அவர் பக்கம். வெள்ளியும் தங்கங்களும் இரண்டுக்கும் பொருந்தும் இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் இதிலும் பொறி உண்டு. நடுவில் உட்கார்ந்த ராஜாவுக்கு எந்தப் பக்கமும் சுவர் இல்லை. பெரிய காய் ஒன்று எதிரி கைக்குப் போனால் 5-9-ஐ நோக்கி இறக்க எத்தனையோ இடம். நின்ற யானைக்காரர்கள் இதைத்தான் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். வளைக்குப் போவதுபோல ஓரிரு நகர்த்தல் காட்டி, நம்மவர் ராஜாவை நிறுத்திவைத்த அந்தக் கணத்தில் திசை மாறி யானைப் பக்கம் அடிப்பது அவர்களுடைய மறுமொழிகளில் ஒன்று. குதிரையை 2-5-க்கு அவசரப்பட்டுத் துள்ள விட்டுவிட்டால் அதைச் சிப்பாயால் அடித்தே எடுத்துக்கொள்ளலாம்; தாக்குதல் நின்றது, ராஜாவுக்கு வீடும் இல்லை. ஃபுஜீ சிஸ்டத்தைப் புத்தகத்தில் படித்து ஆடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள். நகர்த்தல் வரிசையில் ஒன்று முன்பின் ஆனாலும் தாங்காத முறை அது. ஃபுஜீயே பிறகு வேறு வழிகளைத் தேடிப் போனார். மந்திரிப் பாதையை மூடாமல், தொடக்கத்திலேயே மந்திரிகளைப் பரிமாறிக்கொண்டு 6-ஆம் நிரையில் ஆடும் முறையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். மந்திரி கைக்கு வந்துவிட்டால் எதிரி நிம்மதியாக வளை தோண்ட முடியாது, எங்கே இறக்குவாரோ என்ற பயம் ஒவ்வொரு எட்டிலும் இருக்கும் என்பது அதன் தர்க்கம். யானையை 5-ஆம் நிரைக்கு, நடுவுக்கு, கொண்டுவந்து பாதையைத் திறந்தே வைத்து ஆடும் கொண்டோ மசகாஸுவின் முறையும் இதே கவலையிலிருந்து பிறந்ததுதான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எது ஏற்றது என்று கேட்டால் நான் நகர்ந்த யானையைத்தான் சொல்வேன். எதிரி எதைச் செய்தாலும் யானை 6-8, மந்திரி 7-7, ராஜா 2-8, மினோ என்ற ஒரே சட்டகத்தோடு ஆட்டத்தின் நடுப்பகுதி வரை வந்துவிடலாம். நின்ற யானைக்காரர் அப்படி இல்லை. எதிரி யானையும் நின்றால் யாகுரா, மந்திரிப் பரிமாற்றம் என்று ஒரு பாடம். எதிரி நகர்த்தினால் படகு, அனாகுமா என்று முற்றிலும் வேறு பாடம். எதற்குத் தயாராவது என்பதை எதிரிதான் தீர்மானிப்பார். ஜப்பானில் பொழுதுபோக்காக ஆடுபவர்களிடையே நகர்ந்த யானை இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழில்முறை மேடையில் நிலைமை வேறு. அங்கே பெரும்பான்மை நின்ற யானைக்காரர்கள். கணினி நிரல்களும் யானையை நகர்த்திய உடனே அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண்ணைச் சற்றுக் குறைத்துத்தான் காட்டுகின்றன. ஒரு நகர்த்தலைச் செலவு செய்து, எதிரி தாக்கக் காத்திருக்கும் நிலையை விலைக்கு வாங்கியதாக அவை கருதுகின்றன. அந்தக் குறைவு மனிதர்கள் ஆடும் ஆட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்க்கும் அளவுக்குப் பெரிதல்ல என்று சொல்பவர்கள் உண்டு. சுகாய் தத்சுயா அவர்களில் ஒருவர். 2017-இல் ஹபுவிடமிருந்தே ஓயி பட்டத்தை வென்ற இவர், 2023-இல் எய்ஓ பட்டத்துக்காக ஃபுஜீ சோத்தாவை எதிர்கொண்டார்; 1-3 என்று தோற்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓஷோ பட்டத்துக்காக மறுபடி மோதினார், 0-4. இரண்டு தொடர்களிலும் அவர் தன் யானையை நிற்க விடவில்லை.